உருளையில் முழுச் சுமை, கோளத்தில் பாதி

பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளைக் கடந்து போகும்போது, தூண்கள் தாங்கி நிற்கும் பெரிய வெள்ளைக் கோளங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவற்றில் இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கிய சமையல் எரிவாயு. ஹார்ட்டன் கோளம் என்பார்கள். ஷிகாகோ பிரிட்ஜ் அண்ட் அயர்ன் என்ற அமெரிக்க நிறுவனம் 1923-ல் டெக்சஸின் போர்ட் ஆர்தரில் முதல் கோளத்தைக் கட்டியது. அதன் நிறுவனர் ஹொரேஸ் ஹார்ட்டனின் பெயர்தான் கோளத்துக்கு வந்தது. தகட்டை வளைத்து உருளை செய்வது எவ்வளவோ எளிது. அப்படியிருந்தும் கோளத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோளத்தின் ஆரம் 7.5 மீட்டர், எஃகுத் தகட்டின் தடிமன் 30 மி.மீ. உள்ளே இருக்கும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. கோளத்தை நடுவில் இரண்டாக அறுத்ததாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் பாதியைத் தூக்கி எறியப் பார்க்கும் விசை சுமார் 18,000 டன் எடைக்குச் சமம். அதைப் பிடித்து நிறுத்துவது அறுபட்ட இடத்தில் தெரியும் 30 மி.மீ. அகல எஃகு வளையம் மட்டுமே. விசையை வளையத்தின் பரப்பால் வகுத்தால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் எஃகும் 125 நியூட்டன் இழுவையைத் தாங்குகிறது. இதைத்தான் தகைவு என்கிறோம். கோளத்தை எந்தத் திசையில் அறுத்தாலும் இதே 125தான்.

இப்போது அதே ஆரம், அதே தடிமன், அதே அழுத்தத்தில் ஓர் உருளை. குறுக்கே அறுத்தால் கோளத்தின் கணக்கே திரும்ப வரும்: 125. நெடுக்குவாட்டில் அறுத்துப் பாருங்கள். 1 மி.மீ. நீளத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டால், 15,000 மி.மீ. விட்டத்தின் மேல் 15,000 நியூட்டன் விசை. பிடித்து நிறுத்துவது இருபுறமும் உள்ள இரண்டு விளிம்புகள், மொத்தம் 60 சதுர மி.மீ. ஆக, தகைவு 250. உருளையின் சுவர் சுற்றுவாட்டில் மட்டும் வளைந்திருக்கிறது. நீளவாட்டில் நேராகப் போகிறது. நேராகப் போகும் தகடு உள்ளிருந்து வரும் தள்ளலை எதிர்க்க உதவாது. அதனால் சுமை முழுவதும் ஒரே வளைவின் தலையில் விழுகிறது. கோளத்தில் இரண்டு திசை வளைவுகளும் சேர்ந்து பாதிப் பாதியாகத் தாங்குகின்றன.

இந்த வித்தியாசம் ஏட்டுக் கணக்கு அல்ல. அழுத்தக் கலங்களுக்கு வழக்கமாகப் பயன்படும் எஸ்.ஏ. 516 கிரேடு 70 எஃகுக்கு அமெரிக்க விதிகள் அனுமதிக்கும் தகைவு ஏறக்குறைய 138. அது நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கும் அளவு 260. நம் கோளம் 125-ல் நிம்மதியாக இருக்கிறது. உருளையோ 250-ல் விளிம்புக்கே வந்துவிட்டது. அழுத்தம் மிஞ்சினால் உருளை நெடுக்குவாட்டில் கிழிவதற்கும் இதுதான் காரணம்.

வீட்டிலுள்ள 14.2 கிலோ சிலிண்டரைக் கவனியுங்கள். கிண்ணம்போல் அழுத்தி எடுத்த இரண்டு பாதிகளை இடுப்பில் சுற்றி வெல்டிங் செய்திருப்பார்கள். நெடுக்கே ஒரு வெல்டிங்கும் கிடையாது. கலத்தில் இருக்கும் ஒரே பெரிய இணைப்பு, தகைவு குறைந்த திசையில் இழுபடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

தகைவு பாதி என்பதால் கோளத்துக்கு எஃகும் பாதி போதும் என்று தோன்றும். அது சரியல்ல. ஒரே ஆரத்தில், அதே கொள்ளளவை மூட, உருளையின் பக்கச் சுவரைப்போல் ஒன்றரை மடங்கு பரப்பு கோளத்துக்குத் தேவை. பாதித் தடிமனில் ஒன்றரை மடங்கு பரப்பு என்றால் முக்கால் பங்கு எஃகு. உண்மையில் மிஞ்சுவது கால் பங்குதான். அதற்குள், இரு திசையிலும் வளைத்த தகட்டு இதழ்களைத் தளத்திலேயே ஒன்றோடொன்று பொருத்தி வெல்டிங் செய்யும் செலவும் அடங்க வேண்டும். பெரிய கொள்ளளவில் அது கட்டுப்படியாகும். லாரியில் ஏற்றி அனுப்பக்கூடிய சிறிய கலங்களுக்கு உருளையே சரி.

உருளைக்கு அரைக்கோள மூடி போடும்போது இதே வித்தியாசம் தொல்லையாக மாறும். ஒரே தடிமனில் இருந்தால், அழுத்தம் ஏறும்போது உருளை விரியும் அளவில் சுமார் 41 சதவீதமே மூடி விரியும். இரண்டும் சேரும் இடத்தில் தகடு வளைபடும். எளிய கணக்கில் வராத கூடுதல் தகைவு அங்கே பிறக்கும். மூடியை மெல்லியதாகச் செய்தால் இந்த முரண் குறையும். அப்போது தடித்த தகட்டின் விளிம்பைச் சரிவாகச் சீவி, மெல்லிய மூடியோடு படிப்படியாக இணைப்பார்கள்.