காதுக்குறும்பி மரபணுவும் பண்புகளின் நிலப்பரவலும்: கொல்லிமலைக் குண்டனி நாட்டை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

காதுக்குறும்பி ஈரமாக அமைவதையும் உலர்ந்து அமைவதையும் ஒரே மரபணுவின் ஒரே எழுத்து மாற்றம் பெரிதும் தீர்மானிக்கிறது. அக்குளின் வாடையும் இதனோடு தொடர்புடையது. இம்மாற்றம் கிழக்காசியாவில் மிகுந்தும் ஆப்பிரிக்காவில் அருகியும் தெற்காசியாவில் இடைநிலையிலும் காணப்படுகிறது. இப்பரவலை உலக வரைபடமாக மட்டும் பார்த்தால் சிறு வட்டாரங்களின் நிலை மறைந்துவிடும். குண்டனி நாடு போன்ற ஒரு மலைநாட்டில் இப்பண்பை எவ்வாறு அளக்க வேண்டும், அவ்வளவீடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காதுக்குறும்பி, உடல் வாடை, மரபணு வேறுபாடு, அகமணம், கொல்லிமலை, குண்டனி நாடு

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் ஊராட்சிகள் இன்றும் ‘நாடு’ என்னும் பெயரைத் தாங்கியுள்ளன. வளவந்தி நாடு, வாழப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு முதலியன அவற்றுள் சில. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் தமிழ் பேசும் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்ற பொருளில் அப்பெயர் வழங்குவதாகக் கூறுவர். கேரள மக்களைக் குறிக்கும் சொல்லோடு இதனைக் குழப்பலாகாது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் என்றும், அவர்கள் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் இவர்களிடையே ஒரு வழக்காறு உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்.

இத்தகைய மக்களின் உடற்பண்பு ஒன்றை அளக்கும்போது இருவகைத் தவறுகள் நேரக்கூடும். உலகச் சராசரியை அவர்கள்மீது ஏற்றிவிடுவது ஒன்று. ஒரே மரபணுவைக் கொண்டு அவர்களின் பூர்வீகத்தைத் தீர்ப்பது மற்றொன்று. காதுக்குறும்பி மரபணு இவ்விரு தவறுகளையும் தெளிவாகக் காட்டும் சான்றாகும்.

ஓரெழுத்து மாற்றம் செய்யும் பணி

16-ஆம் குரோமோசோமில் அமைந்த ஏபிசிசி11 என்னும் மரபணு, செல்லின் உள்ளிருந்து சில பொருள்களை வெளியேற்றும் புரதத்தை உருவாக்குகிறது. காதின் வெளிக்குழாயிலும் அக்குளிலும் உள்ள அப்போகிரைன் சுரப்பிகளில் இப்புரதம் இயங்குகிறது. மரபணுவின் 538-ஆம் இடத்தில் ‘ஜி’ என்னும் எழுத்து இருந்தால் புரதத்தின் 180-ஆம் இடத்தில் கிளைசின் அமையும். அங்கு ‘ஏ’ இருந்தால் ஆர்ஜினின் அமையும். ஆர்ஜினின் கொண்ட புரதம் முறையாக முதிர்வதில்லை. செல் அதனைக் குறைப்பொருளாகக் கருதிச் சிதைத்துவிடுகிறது. தரவுத்தளங்களில் இவ்விடம் rs17822931 என்னும் அடையாள எண்ணால் குறிக்கப்படுகிறது.

ஒவ்வொருவரும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரு படிகளைப் பெறுகின்றனர். இரண்டும் ‘ஏ’ ஆனால் குறும்பி உலர்ந்து, சாம்பல் நிறச் செதில்களாக உதிரும். ஒன்றேனும் ‘ஜி’ ஆனால் அது பழுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். ஆகவே ஈரக்குறும்பி ஓங்கு பண்பு. உலர்குறும்பி ஒடுங்கு பண்பு. இவ்வுண்மையை யோஷியூரா குழுவினர் 2006-இல் நேச்சர் ஜெனிட்டிக்ஸ் இதழில் நிறுவினர். ஒரே ஒரு ‘ஏ’ மட்டும் உடைய ஒருவருக்கும் உலர்குறும்பி இருந்ததை அவர்கள் கண்டனர். அவருடைய மற்றொரு படியில் 27 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அப்படியும் செயலிழந்திருந்ததால் விளைவு ஒன்றாயிற்று.

அக்குள் வாடையின் கதையும் இதுவே. அப்போகிரைன் வியர்வைக்குத் தன்னளவில் பெரிய மணமில்லை. அதில் கலந்து வரும் மணமற்ற முன்பொருள்களைத் தோலில் வாழும் நுண்ணுயிரிகள் உடைக்கும்போதே வாடை பிறக்கிறது. இரு ‘ஏ’ படிகளும் உடையோரின் அக்குளில் அம்முன்பொருள்கள் ஏறத்தாழ இல்லை என்பதை 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எனினும் மரபணு முழுப் பழக்கத்தையும் ஆள்வதில்லை. பிரிட்டனில் 6,495 பெண்களிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வாடையற்ற மரபுடையோர் ஏறத்தாழ 2 விழுக்காட்டினர். அவர்களிலும் நான்கில் மூவருக்கு மேல் வாடைநீக்கியைப் பயன்படுத்தினர். தேவையால் அன்றி வழக்கத்தால் அவ்வாறு செய்தனர் எனலாம்.

உலகப் பரவலும் தென்னகத்தின் இடமும்

கொரியரிலும் சீனரிலும் மிகப் பெரும்பாலோர் உலர்குறும்பி உடையோர். ஆப்பிரிக்கரிடையே அது மிக அரிது, ஐரோப்பியரிடையே சிறுபான்மை. தெற்காசியா இவ்விரு முனைகளுக்கும் இடையே நிற்கிறது. கிழக்கிலிருந்து மேற்கிலும் வடக்கிலிருந்து தெற்கிலும் ‘ஏ’ வடிவம் குறைந்து செல்வதால், அது வடகிழக்கு ஆசியாவில் தோன்றியிருக்கலாம் என்று யோஷியூரா குழுவினர் கருதினர். ஓஹாஷி முதலியோர் 2011-இல், வட அகலாங்குகளை நோக்கி அது மிகுவதைச் சுட்டி, குளிர்ச் சூழலில் இயற்கைத் தேர்வு அதற்கு ஆதரவாக இருந்திருக்கக்கூடும் என்றனர்.

இவ்விளக்கத்தைக் கொல்லிமலையில் பொருத்திப் பார்க்கலாம். அது நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. அகலாங்கு மட்டுமே காரணமாயின் இப்பகுதி ஆப்பிரிக்காவை ஒத்திருக்க வேண்டும். தென்னகத்தில் ‘ஏ’ வடிவம் இடைநிலையில் இருப்பது, குளிர் மட்டுமே இப்பரவலை வரையவில்லை என்பதைக் காட்டுகிறது. மக்கள் நகர்ந்த வழிகளும், சிறு குழுக்களில் தற்செயலாக நேரும் ஏற்றத்தாழ்வுகளும் அதில் பங்கேற்றுள்ளன.

மேலும், உலக வரைபடத்தில் ஒரு நிலப்பகுதிக்கு இடப்படும் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நோக்க வேண்டும். ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் தமிழர் பெயரால் அமைந்த மாதிரி, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேருடையது. அம்மாதிரி பயனுடையதே. ஆயினும் அதன் சராசரியைக் குண்டனி நாட்டின் அளவாகக் கொள்வது பொருந்தாது.

கலந்த மாதிரி தரும் மயக்கம்

இக்கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கற்பித்தவை. ஒரு மலையில் சம அளவு மக்கள் வாழும் இரு நாடுகள் உள்ளன. ஒன்றுக்கொன்று மணவுறவு இல்லை. முதல் நாட்டில் ‘ஏ’ 20 விழுக்காடு, இரண்டாம் நாட்டில் 60 விழுக்காடு எனக் கொள்வோம். அந்தந்த நாட்டிற்குள் மணம் தற்செயலாக நிகழ்ந்தால், உலர்குறும்பி உடையோர் முதல் நாட்டில் 4 விழுக்காடும் (0.2 × 0.2) இரண்டாம் நாட்டில் 36 விழுக்காடும் (0.6 × 0.6) இருப்பர். மலை முழுமைக்கும் இது 20 விழுக்காடு.

இரு நாடுகள் உள்ளமையை அறியாத ஆய்வாளர் அனைவரையும் ஒரே மக்களாக எண்ணிக் கணக்கிடுகிறார். அவருக்குக் கிடைக்கும் ‘ஏ’யின் சராசரி 40 விழுக்காடு. அதன்படி உலர்குறும்பி 16 விழுக்காடாக (0.4 × 0.4) இருக்க வேண்டும்; ஆனால் அவர் காண்பது 20. இரு வடிவங்களையும் ஒருங்கே உடையோர் 48 விழுக்காடு இருக்க வேண்டிய இடத்தில் 40 பேரே தென்படுவர். கலப்பு வடிவினர் குறைவதும் ஒருவடிவினர் மிகுவதும் மாதிரிக்குள் தனித்தனி மணவட்டங்கள் ஒளிந்திருப்பதற்கான அறிகுறி. நெருங்கிய உறவினருக்குள் நிகழும் மணமும் இதே விளைவைத் தரும். ஆதலால் எந்த நாடு, எந்த வகையறா, பெற்றோர் எவ்வூரினர் என்பவற்றைப் பதிவு செய்யாத மாதிரியைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது.

நாடுகளுக்குள் இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றும்? 50 பேர் ஒரு மலையில் குடியேறினால் அவர்கள் கொண்டுசெல்வது 100 படிகள். தாய்மக்களிடம் ‘ஏ’ 40 விழுக்காடு இருந்தாலும், குடியேறியோரிடம் அது 30 முதல் 50 வரை எங்கேனும் அமையலாம். அக்குழு பெருகாமல் தனித்தே 10 தலைமுறை வாழ்ந்தால் 25-க்குக் கீழோ 55-க்கு மேலோ செல்வதும் வியப்பன்று. இதற்கு எந்தத் தட்பவெப்பக் காரணமும் வேண்டியதில்லை. மாறாக, நாடுகளிடையே மணவுறவு நிலவினால் இவ்வேறுபாடு விரைவில் கரையும்.

அளவீட்டில் நேரும் பிழைகள்

காதைப் பார்த்தோ கேட்டறிந்தோ வகைப்படுத்துவது எளிய முறை. ஆனால் தமிழகத்தில் காதில் எண்ணெய் விடும் வழக்கம் உண்டு. எண்ணெய் ஊறிய உலர்குறும்பி ஈரக்குறும்பியாகத் தோன்றும். காதில் சீழ் வடிவோரிடமும் இம்மயக்கம் நேரும். இப்பிழை ஒரு திசையிலேயே சாய்வதால் உலர்குறும்பியின் அளவு குறைத்தே மதிப்பிடப்படும். குடும்பங்களை முழுமையாகப் பார்த்தால் பிழையைக் கண்டறிய ஒரு வழி உண்டு: பெற்றோர் இருவருக்கும் உலர்குறும்பி எனில் பிள்ளைக்கு ஈரக்குறும்பி அமையாது. அவ்வாறு பதிவானால் அப்பதிவை மீண்டும் நோக்க வேண்டும்.

மரபணுவை நேரடியாகப் படிப்பது இதனினும் உறுதியானது. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தந்த நகத்துண்டுகளைக் கொண்டே நாடு தழுவிய குறும்பி மரபணு வரைபடம் உருவாக்கப்பட்டு 2009-இல் வெளியானது. ஒரே நாட்டிற்குள்ளும் மாவட்டத்திற்கு மாவட்டம் அளவு மாறுவதை அது காட்டியது. மலைநாடு ஒன்றுக்கு வேண்டுவதும் இத்தகைய நுண்ணிய அளவீடே. ஒப்புதலும் பயன்பாட்டு வரம்பும் ஊரார் அறிய வகுக்கப்படுதல் அதன் முன்நிபந்தனை.

முடிவுரை

காஞ்சிபுர வழக்காற்றை இம்மரபணு மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. குண்டனி நாட்டின் ‘ஏ’ அளவு காஞ்சிபுரச் சமவெளியின் அளவோடு ஒத்திருந்தால், அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். வேறுபட்டிருந்தால், தனித்து வாழ்ந்ததன் விளைவாகவும் இருக்கலாம். பூர்வீகத்தை அறிய மரபுத்தொகுதி முழுவதிலும் பரவிய பல்லாயிரம் இடங்களை ஒப்பிட வேண்டும்.

உடல் வாடையைக் காட்டி ஒரு மக்களைத் தாழ்த்தும் வழக்கத்திற்கும் இம்மரபணு இடம் தருவதில்லை. இரு வடிவங்களையும் ஒருங்கே உடைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உலர்குறும்பியும் வாடையின்மையும் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவர் இவ்வகையில் வேறுபடுவர். உலக வரைபடம் மக்கள்திரள்களுக்கு இடையே வரையும் எல்லை, குண்டனி நாட்டின் ஒரு குடும்பத்திற்குள்ளேயே ஓடக்கூடும்.