கை நீளம் போதாத வயது

சிவகாசிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர் எங்கள் கண் பிரிவுக்கு வந்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சரவெடி பின்னுபவர். சிறு வெடிகளின் திரிகளை நூலுக்கிடையே வரிசையாக வைத்து, ஒன்று விடாமல் பின்னிச் செல்ல வேண்டிய வேலை அது. நூலும் திரியும் மெல்லியவை. ஒரு திரி பின்னலில் சிக்காமல் நழுவினால் சரத்தின் அந்த இடம் பழுதாகிவிடும். பின்னிய அளவுக்குத்தான் கூலி.

"டாக்டரம்மா, எனக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது. கைதான் நீளம் பத்தலை," என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. வெடியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தால் திரி இரண்டாகத் தெரிவதுபோல் மங்கியது. கையை நீட்டிப் பிடித்தால் தெளிந்தது. ஆனால் நீட்டிய கையால் பின்ன முடியவில்லை. கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்ததால் மாலையில் பிடரி வலித்தது. நல்ல வெயில் நாளில் வேலை ஓடியது, மேகம் மூடிய நாளில் நின்றுபோனது. வெடித் தொழிலில் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தை நம்பியே வேலை நடக்கிறது; கண்ணுக்கு வெளிச்சம் குறைந்தால் விளக்கைப் போட்டுக்கொள்ள அங்கே வழியில்லை. தொலைவில் வரும் பேருந்தின் பெயர்ப்பலகையை மட்டும் பேரனுக்கு முன்னால் அவர் படித்துவிடுவார். ஆகவே தமக்குக் கண் கோளாறு இருப்பதாகவே அவர் எண்ணவில்லை. கைக்கு வயதாகிவிட்டது என்றே எண்ணியிருந்தார்.

இதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் வெள்ளெழுத்து. எழுத்தின் கருமை கரைந்து வெளுத்துத் தெரிவதால் வந்த பெயர். சாளேசுவரம் என்றும் சொல்வதுண்டு; நாற்பதைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து அது வந்தது என்பர். தமிழ் படிப்பவருக்கு இதன் முதல் அடையாளம் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போவதுதான். எங்களுக்கு அதைவிடக் கவலை தருவது மருந்து அட்டையில் உள்ள தசமப் புள்ளி காணாமல் போவது. 2.5 என்பது 25 ஆகத் தெரிந்த நோயாளிகளை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கண்ணின் உள்ளே நடப்பதை அறிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். கருவிழிக்குப் பின்னால் சிறு பருப்பளவில் ஒரு வில்லை இருக்கிறது. அதைச் சுற்றி வளையமாக ஒரு தசை. தசைக்கும் வில்லைக்கும் இடையே மெல்லிய இழைகள். தொலைவில் பார்க்கும்போது தசை தளர்ந்திருக்கும். இழைகள் விறைத்து நின்று வில்லையைத் தட்டையாக இழுத்துப் பிடித்திருக்கும். அருகில் பார்க்கும்போது தசை சுருங்கி வளையம் குறுகும், இழைகள் தளரும், பிடி விட்ட வில்லை தன் இயல்பான உருண்டை வடிவுக்கு மீளும். உருண்டை கூடினால் ஒளியை வளைக்கும் ஆற்றலும் கூடும். கையிலுள்ள பொருள் தெளியும். 1855-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தந்த இவ்விளக்கம், பிற்காலத்தில் சில திருத்தங்களைப் பெற்றாலும், அடிப்படையில் இன்றும் நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வில்லையை யாரும் பிடித்து உருட்டுவதில்லை. பிடி தளர்ந்ததும் அது தானாக உருள வேண்டும். அதற்கு வில்லை மென்மையாக இருக்க வேண்டும். இளம் வயதில் அது இளநுங்கைப்போல் இருக்கிறது. ஆனால் தோல் பழைய செல்களை உதிர்ப்பதுபோல் வில்லை எதையும் உதிர்ப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் வெளிப்புறத்தில் புதிய இழைகள் அடுக்கடுக்காக வளர்கின்றன. பழையவை உள்ளே தள்ளப்பட்டு நெருக்கப்படுகின்றன. நடுவில் உள்ளவை நாம் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவானவை. அங்கே இரத்த ஓட்டமும் இல்லை, பழைய புரதத்தை மாற்றிப் புதுப்பிக்கும் ஏற்பாடும் இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல நடுப்பகுதி முற்றிய நுங்காகிறது. இழை தளர்ந்தாலும் வில்லை உருள மறுக்கிறது.

இந்த இறுக்கம் நாற்பதில் தொடங்குவதன்று. பத்து வயதுச் சிறுவன் ஏறக்குறைய 7 செ.மீ. தொலைவில் வைத்தும் படிப்பான். இருபதில் அது 10 செ.மீ. ஆகிறது, நாற்பதில் 20 செ.மீ.யைத் தாண்டுகிறது, அறுபதில் ஏறக்குறைய ஒரு மீட்டர். குழந்தைப் பருவம் முதலே இழந்துகொண்டு வருகிறோம். இழப்பு நம் கை வேலை செய்யும் தொலைவை எட்டும்போதுதான் உணர்கிறோம். அது பெரும்பாலோர்க்கு நாற்பதை ஒட்டி நேர்கிறது.

தசை நாற்பதிலும் ஐம்பதிலும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகையால் கண்ணைச் சுழற்றுவது, கட்டை விரலை மாறி மாறிப் பார்ப்பது போன்ற பயிற்சிகளால் இறுகிய வில்லை இளகாது. "கண்ணாடி போட்டால் கண் அதற்குப் பழகி இன்னும் கெட்டுவிடும்" என்று சொல்லி ஐந்தாண்டு, பத்தாண்டு தள்ளிப்போடுபவர் பலர். இரண்டாண்டுக்கு ஒருமுறை பவர் கூடுவதைக் கண்டு கண்ணாடியைப் பழிக்கிறார்கள். கண்ணாடியைத் தொடாதவருக்கும் வில்லை அதே வேகத்தில்தான் இறுகும். கண்மணியைச் சுருக்கும் சொட்டு மருந்துகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வெயிலில் கண்மணி சுருங்குவதால் எழுத்துச் சற்றுத் தெளிவது போன்றதே அவற்றின் பயனும். சில மணி நேரம் உதவலாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் பார்வை இருளும். வில்லையை அவை மாற்றுவதில்லை.

அந்தப் பெண்மணியிடம் திரும்புவோம். அவர் முதலில் தம் அக்காவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்திருந்தார். அக்கா அறுபதைக் கடந்தவர், கண்ணாடி 2.50 பவர். கைக்குள் இருந்த திரி தெளிந்தது. ஆனால் அரை மீட்டர் தள்ளி வைத்த கூடை மங்கியது. நிமிர்ந்தால் தலை சுற்றியது. கண்ணாடியே தமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிட்டார்.

நாங்கள் முதலில் தொலைப் பார்வையை ஒவ்வொரு கண்ணாகச் சோதித்தோம். இரண்டிலும் குறையில்லை. பிறகு சிற்றெழுத்து அட்டையை மெல்ல அருகே கொண்டுவந்து, எங்கே மங்குகிறது என்று அளந்தோம். 33 செ.மீ.யில் மங்கியது. ஒரு மீட்டரை அத்தொலைவால் வகுத்தால் வருவது 3. அவருடைய வில்லையில் மிஞ்சியிருந்த பவர் அவ்வளவே. அடுத்து வேலைத் தொலைவு. இதைக் கேட்டறிவதைவிடக் கண்டறிவதே நல்லது. ஆகவே சரவெடி பின்னுபவரை நூலும் காலிக் காகிதக் குழாயும் கொண்டுவரச் சொல்கிறோம். (மருந்து அடைத்த வெடியைக் கொண்டுவர வேண்டா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம், ஒருமுறை சொல்ல மறந்து பதறியிருக்கிறோம்.) அவர் தரையில் அமர்ந்து, நூலை மடியில் பிடித்து, குனிந்து பின்னிக் காட்டினார். கண்ணுக்கும் விரலுக்கும் இடையே 30 செ.மீ.

30 செ.மீ.யில் தெளிவாகப் பார்க்க ஏறத்தாழ 3.3 பவர் வேண்டும். அவரிடம் இருப்பது 3. அதிலும் முழுவதையும் நாளெல்லாம் செலவிட முடியாது; ஒரு குடத்தை ஒரு நொடி தூக்க முடிந்தவர் அதை நாள் முழுதும் சுமக்க முடியாதல்லவா? பாதியைச் செலவிட்டுப் பாதியை இருப்பில் வைப்பதே வழக்கம். ஆக அவருடைய பங்கு 1.5, மீதியைக் கண்ணாடி தர வேண்டும். 1.75 பவர் வைத்துப் பார்த்தோம். அதில் அவருக்கு 21 செ.மீ. முதல் 57 செ.மீ. வரை தெளிவு. திரியும் கூடையும் இரண்டும் அதற்குள் அடங்கின. அக்காவின் கண்ணாடியில் தெளிவு 40 செ.மீ.யோடு முடிந்துவிட்டது, கூடை மங்கியதற்கு அதுவே காரணம்.

அச்சகத்தில் காலண்டர்த் தாளை நின்றுகொண்டு 60 செ.மீ. தொலைவில் சரிபார்ப்பவருக்கு இதே வயதில் இந்தக் கண்ணாடி பயன்படாது. பவர் இன்னும் குறைய வேண்டும். எனவே சோதனைக்கு வரும்போது வயதை மட்டும் சொல்லாமல் என்ன வேலை, எவ்வளவு தொலைவு என்பதையும் சொல்லுங்கள். அமர்ந்த இடத்திலேயே கைவேலை செய்பவருக்கு முழு வில்லையும் அருகுப் பார்வைக்கான கண்ணாடி ஏற்றது. நிமிர்ந்து ஆளைப் பார்த்துப் பேசவேண்டிய கடைக்காரர், நடத்துநர் போன்றோர்க்கு மேல்பாதி தொலைவுக்கும் கீழ்ப்பாதி அருகுக்குமான இருபார்வைக் கண்ணாடி உதவும். அதை அணிந்து படியிறங்கும்போது மட்டும் தலையைத் தாழ்த்தி, மேல்பாதி வழியே படியைப் பார்க்க வேண்டும். வெடித் தொழிலில் இருப்போர் கீழே விழாதபடி கயிறு கோத்த பிளாஸ்டிக் சட்டத்தைக் கேட்டு வாங்குவது நன்று.

ஒரு சாதாரணக் கண்ணாடி கூலியை எவ்வளவு மாற்றும்? அஸ்ஸாமில் தேயிலை பறிப்பவர்களிடம் இதை எடைபோட்டே பார்த்தார்கள். நாற்பது வயதைக் கடந்த, வெள்ளெழுத்து உள்ள 751 தொழிலாளரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே கண்ணாடி தந்தார்கள். மற்றக் குழுவுக்கு ஆய்வு முடிந்த பின் தந்தார்கள். பறித்த இலையின் எடையே அளவுகோல். கண்ணாடி அணிந்தவர்களின் பறிப்பு மற்றவரைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் உயர்வு இன்னும் அதிகம். 2018-இல் இம்முடிவு லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியாயிற்று. தேயிலைக் கொழுந்து திரியைவிடப் பெரியது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

சாலையோரத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் கண்ணாடியை வாங்கலாமா என்பதும் அடிக்கடி எழும் கேள்வி. இரு கண்ணுக்கும் ஒரே பவர் வைத்துச் செய்யப்படுவது அது. இரு கண்ணும் சமமாக, தொலைப் பார்வையில் குறையின்றி இருப்பவருக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் கண்ணாடி வாங்க வருபவரிடம்தான் நாங்கள் கண் நீர் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்க்கிறோம். அந்த நோய்கள் தொடக்கத்தில் வலிப்பதில்லை. நாற்பதுக்குப் பிறகே மிகுதி.

எல்லா மங்கலும் வெள்ளெழுத்து அன்று. வெள்ளெழுத்து இரு கண்ணிலும் ஒன்றுபோல், மெல்ல மெல்ல வரும். ஒரு கண் மட்டும் மங்கினாலோ, திடீரென மங்கினாலோ, நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, தொலைவும் சேர்ந்து மங்கினாலோ காத்திருக்க வேண்டா. சில வாரங்களில் பவர் ஏறி இறங்கினால் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். அறுபதைக் கடந்தவர் ஒருநாள், "கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்" என்று மகிழ்ந்து சொன்னால் வீட்டார் அவரை அழைத்து வாருங்கள். வில்லை மீண்டும் இளகிவிடவில்லை. அதன் நடுவில் கண்புரை முற்றத் தொடங்கி, பவர் மாறியிருக்கக்கூடும். அப்போது தொலைப் பார்வை குறைந்திருப்பதை அவர் கவனித்திருக்க மாட்டார்.

அந்தப் பெண்மணி மூன்று வாரம் கழித்து வந்தார். பிடரி வலி போய்விட்டதாம். அக்காவையும் கூட்டி வந்திருந்தார்; அவர் பல ஆண்டுகளாகப் பவரை மாற்றவே இல்லை.