படுக்கப்போகும் முன் ஒரு கேப்சூல்

முகப்பருவுக்காகக் கிளினிக்கில் எனக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். 100 மில்லிகிராம் கேப்சூல், நாளுக்கு ஒன்று. பையின் மேல் 'உணவுக்குப் பின்' என்று எழுதியிருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரம். அதனால் இரவில் போட்டுக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் இரவு, பல் துலக்கிவிட்டு ஒரே மடக்குத் தண்ணீரில் கேப்சூலை விழுங்கிப் படுத்துவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் கத்தியால் கீறுவதுபோல் வலி. வாயுத் தொல்லை என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். அதை விழுங்கும்போது வலி இன்னும் கூடியது. காலையில் எச்சில் விழுங்கவே பயமாக இருந்தது.

நெஞ்சு வலி என்பதால் டாக்டர் முதலில் இசிஜி எடுத்துப் பார்த்தார். இதயத்தில் கோளாறு இல்லை. பிறகு, "ராத்திரி ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டார். நான் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

கேப்சூலின் மேலுறை ஈரம் பட்டால் பசைபோல் ஆகிவிடும். தண்ணீர் போதாவிட்டால் அது உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். படுத்திருக்கும்போது அது தானாகக் கீழே இறங்காது. தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைவு. அந்த இடத்திலேயே கேப்சூல் கரைகிறது. கரைந்த டாக்சிசைக்ளின் கடுமையான அமிலம். ஒரே புள்ளியில் அது சுவரைப் புண்ணாக்கிவிடுகிறது.

டாக்டர் மருந்தை நிறுத்தினார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். ஆறிய கஞ்சி குடித்து ஒரு வாரத்தில் தேறினேன். இரத்த வாந்தி, கறுத்த மலம், தண்ணீரைக்கூட விழுங்க முடியாத நிலை ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் எச்சரித்தார்.

புண் முழுமையாக ஆறிய பிறகு அதே மருந்தை மறுபடியும் தொடங்கச் சொன்னார். இம்முறை மருந்தகத்தில் இருந்த அக்கா உட்கார வைத்து விளக்கினார். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைக்க வேண்டும். பிறகு கேப்சூலை விழுங்கி, ஒரு முழு கிளாஸ், அதாவது 200 முதல் 250 மில்லி தண்ணீர் குடிக்க வேண்டும். உட்கார்ந்தோ நின்றோதான் விழுங்க வேண்டும். அதன்பின் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் படுக்கக்கூடாது. ஆகவே இரவை விட்டுக் காலைப் பசியாறும் நேரத்துக்கு மாற்றச் சொன்னார். வயிற்றில் உணவு இருந்தால் குமட்டலும் குறையும்.

"காலையில என்ன குடிப்பீங்க, தம்பி?"

"தே தாரிக், அக்கா."

"அதைப் பத்து மணிக்கு வெச்சுக்குங்க."

பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் இரத்தத்தில் சேராமல் வீணாகிறது. பழைய டெட்ராசைக்ளினோடு ஒப்பிட்டால் டாக்சிசைக்ளினில் இந்த இழப்பு குறைவு. ஆனாலும் பால், தயிர், மைலோ எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளியிருப்பது நல்லது. இதைவிட முக்கியமானவை நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட், இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள். அவற்றுக்கு இரண்டு மூன்று மணி நேர இடைவெளி கட்டாயம். கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் மருத்துவர் சொல்லாமல் இந்த மருந்தைத் தொடக்கூடாது.

வெயிலைப் பற்றியும் அவர் சொன்னார்தான். நான் முகத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன் பூசினேன். ஒரு சனிக்கிழமை கிள்ளானிலிருந்து தெலுக் இந்தானுக்கு மோட்டாரில் போனேன். நம் ஊர் வழக்கப்படி ஜாக்கெட்டை முன்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தேன். கைகள் மறைந்தன, ஹேண்டலைப் பிடித்த புறங்கைகள் மறையவில்லை. அன்று மாலையே அவை சிவந்து, சுடுநீர் பட்டதுபோல் எரிந்தன. ஜாக்கெட் கை முடிந்த இடத்தில் கோடு போட்டதுபோல் சிவப்பும் முடிந்திருந்தது.

அது அலர்ஜி இல்லை. தோலில் இருக்கும் மருந்து, வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு தோலைச் சுட்டுவிடுகிறது. வெயில் பட்ட இடத்தில் மட்டும் சிவந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கொப்புளம் வந்தாலோ நகம் வலித்துக் கழன்று தூக்கினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்தக் கதிர் காரின் பக்கக் கண்ணாடி வழியாகவும் வரும்.

இப்போது கையுறை போட்டுத்தான் ஓட்டுகிறேன். முகம், கழுத்து, காதுகளுக்கு எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட, யுவிஏ கதிரையும் தடுக்கும் சன்ஸ்கிரீன். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசுகிறேன். கேப்சூல் பட்டை படுக்கையறையிலிருந்து சமையலறை மேசைக்கு இடம் மாறிவிட்டது. அதன் பக்கத்தில் அம்மா ஒரு பெரிய கிளாஸைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.