அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்

கணவன் மனைவி சண்டை முற்றும்போது பல வீடுகளில் நடப்பது இதுதான். ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். மற்றவர் வாசலை மறித்துக்கொண்டு, "பதில் சொல்லிட்டுப் போங்க" என்பார். கிளம்புகிறவருக்கு மூச்சு முட்டுகிறது. மறிப்பவருக்கோ, இவர் இப்போது போய்விட்டால் இந்தப் பேச்சை இனி எடுக்கவே மாட்டார் என்ற பயம். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. "கோபம் வந்தால் எழுந்து போய்விடு" என்று பெரியவர்கள் சொல்லும் யோசனை கிளம்புகிறவரை மட்டும் காப்பாற்றுகிறது. வீட்டில் நிற்பவருக்கு அதில் எந்த உறுதியும் இல்லை.

சண்டைக்கு நடுவே இடைவேளை ஏன் தேவை என்பதை உடம்பிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளை உட்காரவைத்து வாக்குவாதம் செய்யச் சொல்லி, அவர்களின் இதயத்துடிப்பைக் கருவிகளால் அளந்து வந்தார். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால், எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனதில் ஏறுவதில்லை என்பது அவர் கண்டது. ஒரு முறை, கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிச் சண்டையை நிறுத்தி, தம்பதிகளிடம் பத்திரிகைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். துடிப்பு இறங்கிய பிறகு பேசவைத்தபோது அதே ஆட்கள், அதே விஷயத்தைத் தணிந்து பேசினார்கள். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த நேரத்தில் "என்னை எப்படி அந்த வார்த்தை சொல்லலாம்" என்று மனதுக்குள் மறு ஒளிபரப்பு ஓட்டிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் இறங்காது.

ஆகவே ஐந்து நிமிடம் பால்கனியில் நின்றுவிட்டு வருவது போதாது. ராத்திரி முழுக்க வராமல் இருப்பதும் இடைவேளை ஆகாது. அரை மணியிலிருந்து ஒரு மணி வரை பெரும்பாலான வீடுகளுக்குச் சரியாக இருக்கும். எவ்வளவு நீண்டாலும் ஒரு நாளைத் தாண்டக் கூடாது.

இதைச் சண்டை இல்லாத ஒரு நாளில் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். சண்டைக்கு நடுவே புதிதாகச் சொன்னால் அது தப்பித்தலாகத்தான் தெரியும். என்ன சொல்லி நிறுத்துவது, எவ்வளவு நேரம், எங்கே போவது, யார் மறுபடி பேச்சைத் தொடங்குவது, இந்த நான்கும் முடிவானால் போதும். கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. இடைவேளை கேட்டவரே திரும்பி வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். அந்தப் பொறுப்பு அவர் தலையில் இருக்கும்போதுதான் காத்திருப்பவருக்கு வாசலை மறிக்கத் தேவையில்லாமல் போகிறது. பதிலுக்கு, காத்திருப்பவரும் ஒன்றைத் தர வேண்டும்: பின்னாலேயே போவதில்லை, போன் மேல் போன் போடுவதில்லை, வாட்ஸ்அப்பில் பாக்கிச் சண்டையைத் தட்டி அனுப்புவதில்லை.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ராத்திரி ஒன்பதரை. தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கணவர் 15,000 ரூபாய் அனுப்பியதை, மனைவி கூட்டுக் கணக்கின் குறுஞ்செய்தியில் பார்க்கிறார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?" என்கிறார். பேச்சு பணத்திலிருந்து மாமியாருக்குத் தாவி, கல்யாணச் செலவுக்குப் போய், குரல் உயர்கிறது. கணவருக்குக் காது சூடாகிறது. முன்பே பேசிவைத்தபடி அவர் சொல்கிறார்: "எனக்கு இப்ப முடியல. மொட்டை மாடிக்குப் போறேன். பத்தே காலுக்கு வந்து இந்தப் பண விஷயத்தை நானே பேசுறேன்." இந்தச் சொற்களில் இடம், நேரம், விஷயம் மூன்றும் இருக்கின்றன. "உன்கூட மனுஷன் பேசுவானா" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தால் ஒன்றும் இருந்திருக்காது.

மாடியில் அவர் தங்கைக்குப் போன் போட்டு நடந்ததை ஒப்பிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் இருவர் சண்டை மூவர் சண்டையாகும். நடக்கலாம், பாட்டுக் கேட்கலாம். குடிப்பதற்கும், கோபத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு பறப்பதற்கும் இதில் இடமில்லை. கீழே மனைவியும் வேறு ஏதாவது வேலையில் கையை வைக்கலாம். பத்தே காலுக்கு அவர் இறங்கி வந்து, "சொல்லாம அனுப்பினது தப்புதான். ஆனா, அம்மாவை இழுத்தது எனக்கு வலிச்சுது" என்று தொடங்கினால் பேச்சு பணத்துக்குத் திரும்புகிறது. இன்னும் படபடப்பு அடங்கவில்லையென்றால், "நாளைக்குக் காலைல குழந்தை ஸ்கூலுக்குப் போனதும் பேசலாம்" என்று நேரில் வந்து சொல்ல வேண்டும். வராமலே இருந்துவிட்டால் அடுத்த முறை கதவு மறுபடி மறிக்கப்படும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றைப் படுக்கையறை வீட்டில், மாமியார் ஹாலில் படுத்திருக்க, எங்கே போவது? ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் நடக்கப் பெண்ணுக்குத் தயக்கம் இருக்கும். அதனால், இடைவேளை கேட்டது யாராக இருந்தாலும், வெளியே போக எளிதாக இருப்பவர் போகட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தை யாரிடம் இருக்கும் என்பதையும் முன்பே பேசிவைக்காவிட்டால், ஒருவருக்கு ஓய்வு, மற்றவருக்கு இரட்டை வேலை என்று ஆகிவிடும்.

இந்த ஏற்பாட்டைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். சம்பளப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் ஒருவருக்கு இடைவேளை தேவைப்படுகிறது, திரும்பி வந்து அதைப் பேசியதே இல்லை என்றால், அது இடைவேளை அல்ல. பேச்சையே தடுக்கும் வழி. மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவது தண்டனை. "நீ இப்ப நிதானத்தில இல்ல, எப்ப பேசணும்னு நான் சொல்றேன்" என்பது அதிகாரம். இருவராலும் ஒரே அளவில் கேட்கவும் மறுப்பின்றிப் பெறவும் முடிகிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சட்டமும் இதில் வருகிறது. ஒருவர் போக உரிமையுள்ள வழியை வேண்டுமென்றே மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 126-ஆவது பிரிவின்படி குற்றம். அறைக்குள் பூட்டிவைப்பது 127-ஆவது பிரிவில் வரும். இவை ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். கோபத்தில் மனைவியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதற்கும் யாருக்கும் உரிமை இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும், பகிர்ந்து வாழும் வீட்டில் இருக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. திருமணத்தைப் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வாய்ச்சொல்லால் இழிவுபடுத்துவதும் அதில் வன்முறைதான்.

அடி, மிரட்டல், பின்தொடர்தல் உள்ள வீட்டுக்கு மேலே சொன்ன விதிகள் பொருந்தாது. அங்கே தப்பிப் போகிறவர் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கே போகிறேன் என்றும் சொல்ல வேண்டியதில்லை. உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடமோ நேரடியாக மாஜிஸ்திரேட்டிடமோ மனு கொடுக்கலாம். மனம் அடங்காமல் தவிக்கும் யாரும், ஆணும் பெண்ணும், டெலி மானஸ் 14416-இல் கட்டணமின்றிப் பேசலாம். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம்: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். அதற்கான எண் 15100.