பித்தப்பைக் கல்லும் ஸ்கேன் படமும்: நலத் தொண்டர்களுக்கு

தில்லி, மும்பை போன்ற நகரங்களில் நம்மவர் வாழும் குடியிருப்புகளில் தொண்டு செய்வோர் அடிக்கடி காண்பது வயிற்று ஸ்கேன் படம். மருத்துவர் இந்தியில் இரண்டொரு சொல் கூறி அனுப்பியிருப்பார். வீடு திரும்பிய பின்னரே நோயாளிக்கு ஐயங்கள் எழுகின்றன.

நாற்பது வயது அம்மையார் ஒருவர் படத்தைக் காட்டி, "உள்ளே எல்லாம் கறுத்துப் போய்விட்டதே!" என்று கலங்குகிறார் எனக் கொள்வோம். அறிக்கையில் பித்தப்பையில் 12 மில்லிமீட்டர் கல் ஒன்று எனவும், பையின் சுவர் 2 மில்லிமீட்டர் எனவும் கண்டிருக்கிறது.

முதலில் கருமையைப் பற்றிய அச்சத்தை நீக்குங்கள். இது ஒளியால் எடுத்த படமன்று. காதுக்குக் கேளாத ஒலியின் எதிரொலியால் வரைந்தது. எதிரொலி வலுவாகத் திரும்பிய இடம் வெண்மை. திரும்பாத இடம் கருமை. தெளிந்த நீரில் ஒலி தடையின்றிச் செல்லும். ஆகவே பித்தம் நிறைந்த பை கறுப்பாகத் தெரிவதே இயல்பு. "கறுப்பு என்றால் அங்கே நீர் இருக்கிறது, அழுகல் அன்று" என்று சொன்னால் போதும்.

அந்தக் கருமைக்குள் பளிச்சென்ற வெள்ளை வளைவு ஒன்று உண்டு. அதுவே கல். ஒலியை அது மறித்துவிடுவதால் அதன் பின்னே கறுப்புப் பட்டை ஒன்று நீள்கிறது. அறிக்கை இதனை 'ஷேடோ' என்கிறது. மொழிபெயர்ப்பாளன் கை 'நிழல்' என்றே எழுதத் துடிக்கும். ஆனால் நுரையீரலில் நிழல் என்று கேட்டு அஞ்சிய குடும்பங்களில் அச்சொல் வேறு பொருள் தரும். "வெயிலில் நிற்கும் தூணுக்குப் பின்னால் விழுவது போன்றது, அதுவே தனி நோயன்று" என விளக்குதல் நலம்.

"புரண்டு படுக்கச் சொன்னார்களே, ஏன்?" என்றும் கேட்பார்கள். கல் பெரும்பாலும் உருண்டு இடம் மாறும்; சுவரில் முளைத்த சதை அசையாது. உணவின்றி வரச் சொன்னதற்கும் காரணம் உண்டு. உண்டவுடன் பை சுருங்கிவிடும். சுருங்கிய பையில் கல்லைக் காண்பது அரிது.

சுவர் 3 மில்லிமீட்டருக்குள் இருப்பதால் வீக்கத்தின் அடையாளம் அதில் இல்லை என்று மட்டும் கூறலாம். பித்தக் குழாயின் அடிப்பகுதியைக் குடற்காற்று மறைப்பதுண்டு; ஆதலால் அங்கே கல் இல்லையென உறுதி கூறலாகாது. நிறையத் தண்ணீர் குடித்தால் கரையும் என்றும் சொல்லாதீர்கள். அது சிறுநீரகக் கல்லோடு இதனைக் குழப்புவதால் வரும் பிழை. பித்தப்பையை நீர் கழுவுவதில்லை.

வலியே தராத கல்லை மருத்துவர் பெரும்பாலும் அப்படியே விட்டுவைப்பார். அறுவை வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் குளிர்க் காய்ச்சல், கண் மஞ்சளாதல், சில மணி நேரமாகியும் தணியாத வலி, இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய படத்தையும் உடன் கொண்டு போங்கள்.