ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

ஒரு ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளை வைக்க முடியாது. கணினி பழகிய எல்லோருக்கும் தெரிந்த விதி இது. ஆனால் தமிழில் பெயர் வைக்கும்போது இந்த விதி சில சமயம் பொய்த்துப் போகும். ‘சோழபுரம்.jpg’ என்று இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து நிற்கும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது. விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளும், லினக்ஸும் ஏற்றுக்கொள்ளும். மேக் கணினி மட்டும் அவை இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும். மூன்றுக்கும் இடையே கோப்புகளை எடுத்துச் செல்பவர்கள் இதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. கவனிக்காமல் விட்டால் படங்களே காணாமல் போகலாம்.

ஒரு சிறிய வரலாற்று ஆர்வலர் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கோயில்களைப் படமெடுத்துத் தன் பழைய மேக்கில் சேமிக்கிறார். இன்னொருவர் விண்டோஸில் கட்டுரை எழுதி, வலைப்பக்கத்தில் படங்களின் பெயர்களைத் தட்டச்சு செய்கிறார். எல்லாம் லினக்ஸில் ஓடும் ஒரு சர்வருக்குப் போகின்றன. பக்கத்தைத் திறந்தால் தஞ்சாவூர் படம் வருகிறது, திருவாரூர் படம் வருகிறது. சோழபுரமும் கொடும்பாளூரும் வரவில்லை. சர்வரில் எட்டிப் பார்த்தால் அந்தக் கோப்புகள் அங்கேயேதான் இருக்கின்றன, பெயரும் சரியாகத்தான் இருக்கிறது. படமெடுத்தவர் அதே பக்கத்தைத் தன் மேக்கில் வைத்துத் திறந்தால் எல்லாப் படங்களும் வருகின்றன. இதனால் குழுவில் எல்லோரும் சர்வர் மீதுதான் சந்தேகப்படுவார்கள்.

வராத பெயர்களில் பொதுவாக இருப்பது எது என்று பாருங்கள். சோழபுரத்தில் ‘சோ’, கொடும்பாளூரில் ‘கொ’. இரண்டிலும் மெய்யின் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். கோளாறு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

கணினி எழுத்துகளை வடிவமாகச் சேமிப்பதில்லை, எண்களாகச் சேமிக்கிறது. எந்தக் குறிக்கு எந்த எண் என்பதை யூனிகோட் தரம் வரையறுக்கிறது. ‘சோ’ என்பதில் ச ஒரு குறி, ஓகாரக் குறி இன்னொன்று. ஓகாரக் குறிக்கு U+0BCB என்று தனி எண் உண்டு. ஆனால் அதே ஓகாரத்தை இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து U+0BC7, U+0BBE என்று இரு எண்களாக எழுதவும் யூனிகோட் அனுமதிக்கிறது. இரண்டும் ஒரே எழுத்துத்தான், சம மதிப்புடையவை என்று அந்தத் தரமே சொல்கிறது. சேர்த்து எழுதும் முறைக்கு NFC என்றும், பிரித்து எழுதும் முறைக்கு NFD என்றும் பெயர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவதுதான் நார்மலைசேஷன்.

தமிழில் இப்படி இரு முகம் கொண்டவை நான்கே நான்குதான்: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, பிறகு தனி உயிரெழுத்தான ஔ. மற்ற எதற்கும் இந்தச் சிக்கல் இல்லை. மெய்க்கு முன்னால் வரும் ஐகாரக் குறிகூட ஒரே எண்தான், அதைப் பிரிக்கவே முடியாது. தஞ்சாவூரும் திருவாரூரும் தப்பித்ததற்குக் காரணம் இதுதான். ஒரு தொகுப்பில் கொம்பும் காலும் சேர்ந்த பெயர்கள் மட்டும் தகராறு செய்தால், வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

இதே சிக்கல் கொரிய மொழிக்கும் உண்டு. ஆனால் அங்கே மேக்கிலிருந்து வந்த பெயர் விண்டோஸில் உதிரி எழுத்துகளாகச் சிதறித் தெரியும், பார்த்தவுடனே பிடித்துவிடலாம். தமிழ் எழுத்துருக்கள் பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் அழகாகச் சேர்த்துக் காட்டிவிடுகின்றன. கண்ணுக்கு உதவும் இந்த ஏற்பாடே கோளாறை மறைத்தும் விடுகிறது.

சரி, பிரித்து எழுதியது யார்? படமெடுத்தவர் அல்ல. மேக்கின் விசைப்பலகையும் விண்டோஸ் விசைப்பலகையைப் போலவே சேர்ந்த ஓகாரத்தைத்தான் தருகிறது. மாற்றியது வட்டின் கோப்பு முறைமை. 1998இல் ஆப்பிள் கொண்டுவந்த கோப்பு முறைமை எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்துத்தான் எழுதிவைக்கும். டிஸ்க் யூட்டிலிட்டியில் `Mac OS Extended` என்று காட்டுவது அதைத்தான். ஒரே எழுத்துக்கு இரு வடிவம் இருப்பதால் குழப்பம் வரும், எனவே ஒன்றை நிலைநிறுத்துவோம் என்பது அதன் எண்ணம். எண்ணத்தில் தவறில்லை. ஆனால் உலகின் பெரும்பகுதி தட்டச்சு செய்வது சேர்ந்த வடிவத்தை. எனவே மேக்கிலிருந்து வெளியே போன பெயர்கள் எல்லாம் வெளியுலகத்துக்குப் பொருந்தாமல் போயின.

2017இல் மேக்குக்கு வந்த `APFS` இந்தப் பழக்கத்தை விட்டது. கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்ளும். தேடும்போது மட்டும் இரு வடிவங்களையும் ஒன்றாகக் கருதும். அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா என்றால், இல்லை. பழைய வெளிவட்டிலிருந்து புதிய மேக்குக்கு நகலெடுத்தால், பிரிந்த பெயர் பிரிந்தபடியே வரும், ஏனென்றால் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்வதுதான் இதன் குணம். ஜிப் கோப்புக்குள் போட்டு அனுப்பினாலும் பெயர் உள்ளே பிரிந்தே இருக்கும். பத்தாண்டுகளுக்கு முன் சேர்த்த ஒரு தொகுப்பு, இன்று எந்தக் கணினியில் இருந்தாலும் இந்தத் தழும்போடு இருக்கலாம்.

விண்டோஸும் லினக்ஸும் இதில் தலையிடுவதே இல்லை. பொதுவாக அவற்றுக்குப் பெயர் என்பது வெறும் எண்களின் வரிசை. ‘சோழபுரம்’ சேர்ந்த வடிவில் எட்டுக் குறிகள், பிரிந்த வடிவில் ஒன்பது. வரிசை வேறு, எனவே பெயரும் வேறு. வலைப்பக்கம் எட்டுக் குறிப் பெயரைக் கேட்கிறது, சர்வரில் இருப்பது ஒன்பது குறிப் பெயர். ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று சர்வர் சொல்வது அதன் கணக்கில் உண்மைதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பைத்தான் நிறுவியிருக்கும் கணினியில், படங்கள் உள்ள ஃபோல்டரிலிருந்து இதை ஓட்டுங்கள்:

```
import os
for n in os.listdir("."):
    print(ascii(n))
```

தமிழ் எழுத்துகளுக்குப் பதில் அவற்றின் எண்கள் வரும். ‘சோ’ இருக்கும் இடத்தில் முதல் வரியைப் போல வந்தால் சேர்ந்த வடிவம், இரண்டாவதைப் போல வந்தால் பிரிந்த வடிவம்:

```
\u0b9a\u0bcb
\u0b9a\u0bc7\u0bbe
```

படம் வராமல் போவது எரிச்சல்தான், ஆனால் அதில் எதுவும் அழிவதில்லை. அழிவு நேர்வது எதிர்த்திசையில். சர்வரில் படம் வரவில்லை என்று ஒருவர் விண்டோஸிலிருந்து ‘கொடும்பாளூர்.jpg’ என்று இன்னொரு கோப்பை ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம், வலைக்காகச் சிறிதாக்கிய நகல். இப்போது சர்வரில் இரண்டு கொடும்பாளூர்கள்: மேக்கிலிருந்து வந்த பெரிய மூலப்படம் ஒன்று, சிறிய நகல் ஒன்று. பிறகு ஒருநாள் மொத்த ஃபோல்டரையும் டார் பொதியாகக் கட்டி மேக்கில் பிரிக்கிறார்கள். மேக்கின் பார்வையில் இரண்டும் ஒரே பெயர். முதலில் பிரிந்து வந்த கோப்பின் மேல் அடுத்தது எழுதப்பட்டுவிடும். எது பிழைக்கும் என்பது பொதிக்குள் எது பின்னால் இருந்தது என்பதைப் பொறுத்தது. எச்சரிக்கை எதுவும் வராது. கோப்புகளின் எண்ணிக்கை ஒன்று குறைந்திருப்பது மட்டுமே தடயம். லினக்ஸிலிருந்து மேக்குக்குத் தமிழ்த் தொகுப்பை நகர்த்துபவர்கள் இரு பக்கமும் கோப்புகளை எண்ணிப் பார்த்த பிறகே பழையதை அழிக்க வேண்டும்.

எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு, அதாவது NFCக்கு, மாற்றிவிடுவதே சரியான தீர்வு என்பேன். விசைப்பலகைகள் தருவதும் அதுதான், வலைக்குப் பரிந்துரைக்கப்படுவதும் அதுதான். முதலில் தொகுப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு இதை ஓட்டலாம்:

```
import os, unicodedata
for n in os.listdir("."):
    m = unicodedata.normalize("NFC", n)
    if m != n:
        if os.path.exists(m):
            print("clash:", ascii(n))
        else:
            os.rename(n, m)
```

நடுவில் இருக்கும் `os.path.exists` சோதனையை ‘எதற்கு’ என்று நீக்கிவிடாதீர்கள். அது இல்லையென்றால், லினக்ஸில் சேர்ந்த பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கும்போது அதன் மேலேயே மாற்றி எழுதிவிடும். `clash` என்று வரும் பெயர்களைத் திறந்து பார்த்து எதை வைப்பது என்று மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த நிரல் உள்ஃபோல்டர்களுக்குள் இறங்காது, ஒவ்வொன்றிலும் தனியே ஓட்ட வேண்டும். லினக்ஸில் convmv என்ற கருவி உள்ளேயும் இறங்கும். முதலில் என்ன செய்யப்போகிறேன் என்று காட்டும், `--notest` சேர்த்தால்தான் உண்மையில் பெயரை மாற்றும்:

```
convmv -r -f utf8 -t utf8 --nfc .
```

இந்த வேலையை விண்டோஸிலோ லினக்ஸிலோ செய்யுங்கள். மேக்கில் பைத்தான் நிரல் பிரிந்த வடிவில் உள்ள எல்லாப் பெயருக்கும் `clash` என்றே சொல்லும், ஏனென்றால் அங்கே இரு வடிவமும் ஒரே கோப்பைத்தான் காட்டும். பழைய `Mac OS Extended` வட்டிலோ எத்தனை முறை மாற்றினாலும் அது மறுபடி பிரித்தே எழுதும்.

இவ்வளவு செய்த பிறகும் சில பெயர்கள் ஒன்றுசேராமல் நிற்கலாம். ‘ஸ்ரீரங்கம்’ அப்படி ஒன்று. அந்த ஸ்ரீயை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் (U+0BB6) தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். யூனிகோட் இவற்றைச் சம மதிப்பு என்று கொள்வதில்லை, எனவே நார்மலைசேஷன் இவற்றைத் தொடாது. தொகுப்புக்குள் எந்த எழுத்து என்று குழுவே முடிவு செய்து, மற்றதைத் தேடி மாற்ற வேண்டும்.

ஔவையார் இன்னும் கடினம். ஔகாரத்தின் பின்பகுதி ளகரத்தைப் போலவே இருப்பதால், பலர் ஒகரத்துக்குப் பின் ள என்ற மெய்யெழுத்தையே அடித்துவிடுகிறார்கள். ‘ஔவையார்.pdf’, ‘ஒளவையார்.pdf’ என்று இரு கோப்புகள் உருவாகிவிடும், மேக்கில்கூட. கௌதமனை ‘கெளதமன்’ என்று அடிப்பதும் இதே பிழை. மொத்தமாகத் தேடி ‘ஒள’ வரும் இடமெல்லாம் ஔ என்று மாற்றத் தோன்றும். செய்யக் கூடாது: ஒளியும் ஒளிப்படமும் அதில் சிக்கிக்கொள்ளும். கொம்பும் ளகரமும் சேர்ந்த இடத்தை ஔகாரக் குறியாக மாற்றினால் வெள்ளாறும் தெளிவும் கெட்டுவிடும். இவற்றில் ள உண்மையான ள. இங்கே நிரலைக் கொண்டு பட்டியல் மட்டும் எடுங்கள். பிறகு தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துத் திருத்த வேண்டும்.