வெள்ளி யூனிட்டின் விலையும் மதிப்பும்

2025 அக்டோபரில், தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் முன்னதாக, விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருந்துகொண்டு, நகைக்கடைப் படியேறாமலே கைபேசி வழியாக வெள்ளி ஈ.டி.எஃப். யூனிட் வாங்கிய ஒருவர், 100 ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட வெள்ளிக்கு ஏறக்குறைய 110 ரூபாய் கொடுத்திருக்கக்கூடும். அந்தப் பத்து ரூபாய் எங்கிருந்து முளைத்தது என்பதை அறிய வேண்டுமானால், சாதாரண நாட்களில் அது ஏன் முளைப்பதில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஈ.டி.எஃப். என்பது பங்குச் சந்தையில் பங்கைப் போலவே வாங்கி விற்கப்படும் பரஸ்பர நிதி. அதன் யூனிட்டுகளை உண்டாக்கவும் அழிக்கவும் நிதி நிறுவனத்தோடு நேரே வியவகாரம் செய்யும் பாத்தியதை, அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட பெரிய வியாபாரிகளுக்கும், 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒரே தடவையில் போடவோ எடுக்கவோ வல்ல முதலீட்டாளர்களுக்கும் மட்டுமே உண்டு. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் வெள்ளி என்று அமைந்த திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சந்தையில் யூனிட்டின் விலை வெள்ளியின் மதிப்பைத் தாண்டினால், பெரு வியாபாரி 30 கிலோ வெள்ளிக் கட்டியையோ அதற்கு ஈடான பணத்தையோ நிதியிடம் ஒப்படைத்து, 30,000 புதிய யூனிட்டுகளைப் பெற்றுச் சந்தையில் விற்கிறார். அவருக்கு லாபம் கிடைக்கிறது, சரக்குப் பெருகியதால் விலையும் இறங்குகிறது. விலை மதிப்புக்குக் கீழே போனாலோ, அவரே மலிவாக யூனிட்டுகளைத் திரட்டி நிதியிடம் கொடுத்து, வெள்ளியையோ பணத்தையோ மீட்டுக்கொள்கிறார். யூனிட்டுகள் குறைய, விலை ஏறுகிறது. இருவழியிலும் அவரை இயக்குவது சுயலாபமே. ஆயினும் பத்து யூனிட் வாங்கும் சிறு முதலீட்டாளருக்கு நியாயமான விலை கிடைப்பது இந்தச் சுயலாபத்தின் பயனாகத்தான்.

அந்த அக்டோபரில் நின்றுபோனது இந்த முதல் வழி. பண்டிகைக் காலத் தேவையும் உலகச் சந்தையின் நெருக்கடியும் ஒன்றுசேர்ந்ததால், இறக்குமதிக் கணக்குப்படி வரவேண்டிய விலைக்கு உள்நாட்டில் வெள்ளிக் கட்டி அகப்படவில்லை. கட்டி கிடைக்காதபோது, பணமே கொடுத்தாலும் புது யூனிட் பிறப்பது எங்ஙனம்? நிதிகளோ லண்டன் விலையை அடிப்படையாகக் கொண்டே தம் வெள்ளியை மதிப்பிட்டு வந்தமையால், காகிதத்தில் இருந்த மதிப்பு ஒன்றாகவும், கடைத்தெருவில் வெள்ளி விற்ற விலை வேறொன்றாகவும் ஆயின. ஆகவே அந்தக் கூடுதல் தொகையை வியாபாரிகளின் சூழ்ச்சி என்று சொல்வது பிழை. அது தற்காலிகப் பஞ்சத்தின் விலை. பஞ்சம் தீர்ந்தவுடன் மறைந்துவிடும் அந்த விலையைக் கொடுத்து வாங்கியவர், வெள்ளி விலை அசையாமல் நின்றால்கூட நஷ்டப்படுவார். இதனைக் கருதியே கோடக், எஸ்.பி.ஐ., யூ.டி.ஐ. முதலிய நிறுவனங்கள், வெள்ளி ஈ.டி.எஃப். யூனிட்டுகளை வாங்கும் தங்கள் நிதித் திட்டங்களில் புதிதாக மொத்தத் தொகை பெறுவதைச் சில காலம் நிறுத்திவைத்தன.

இத்தகைய அபாயத்தை இனங்காண ஒரு வழி உண்டு. நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் வர்த்தக நேரத்தில் காட்டப்படும் உத்தேச நிகர மதிப்பான ஐ-என்.ஏ.வி.யைச் சந்தை விலையோடு ஒப்பிட்டு, பிறகு அதே பொருளில் மற்ற நிறுவனங்கள் நடத்தும் ஈ.டி.எஃப்.களையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் இடைவெளி ஒன்றுபோல் இருந்தால் பொருளுக்கே தட்டுப்பாடு. ஒன்றில் மட்டும் இருந்தால் அந்தத் திட்டத்தில் விலை கூறும் வியாபாரிகள் சரிவர இயங்கவில்லை என்று பொருள். தங்கம், வெள்ளித் திட்டங்களில் இந்த மதிப்பு கணத்துக்குக் கணம் மாறாமல் நிலையாகவும் இருக்கலாமாதலால், அது எந்த நேரத்துக்குரியது என்பதையும் கவனிப்பது அவசியம். வாங்கும்போது "சந்தை விலைக்கே" என்று விட்டுவிடாமல், இன்ன விலைக்கு மேல் வேண்டாம் என வரம்பிட்டு உத்தரவு கொடுப்பதே தற்காப்பு.

சட்டம் தரும் பரிகாரமோ ஒருபுறம் மட்டுமே சாய்ந்தது. 2022 மே மாதம் செபி பிறப்பித்த சுற்றறிக்கையின்படி, சந்தை விலை அன்றைய இறுதி நிகர மதிப்பைவிட 1 சதவிகிதத்துக்கும் அதிகமாகத் தொடர்ந்து ஏழு வர்த்தக நாட்கள் குறைந்திருந்தாலும், தொடர்ந்து மூன்று வர்த்தக நாட்கள் சந்தையில் விலையே கூறப்படாவிட்டாலும், சிறு முதலீட்டாளரும் தம் யூனிட்டுகளை நிதி நிறுவனத்திடமே நேரே கொடுத்து, வெளியேற்றக் கட்டணமின்றிப் பணம் பெறலாம். கூடுதல் விலைக்கு வாங்கியவருக்கு இத்தகைய கதவு இல்லை.

திறந்திருக்க வேண்டிய கதவை நிறுவனம் அடைத்தால், முதலில் அதனிடமே எழுத்து மூலம் முறையிட்டு, தீராவிடில் செபியின் ஸ்கோர்ஸ் தளமான scores.sebi.gov.in இல் தேதிகளையும் அந்நாட்களின் விலை, நிகர மதிப்பு விவரங்களையும் இணைத்துப் புகார் பதியலாம். 21 நாட்களுக்குள் நிறுவனம் பதிலளித்தாக வேண்டும். 110 ரூபாய்க்கு வாங்கியது பிற்பாடு 100 ஆனது என்பது மட்டும் அங்கே புகாராக நிற்காது. மேற்சொன்ன நிலைமை இருந்தும் நேரடியாகப் பணம் தர மறுத்தார்கள் என்பது நிற்கும்.